6205 பேரிங் டேட்டாஷீட்டைத் தமிழாக்குவது எப்படி? முழுமையான வழிகாட்டி

கோவைப் பக்கத்து மோட்டார், பம்ப்செட் பட்டறைகளில் 6205 பேரிங் அன்றாடம் புழங்குகிறது. டேட்டாஷீட் ஆங்கிலத்தில் வரும். விலை கேட்பவரும், சரக்கு வந்ததும் அளந்து பார்ப்பவரும் தமிழில் வேலை செய்பவர்களாக இருந்தால், அவர்கள் கைக்கு ஒரு தமிழ்த் தாள் வேண்டும். கீழே உள்ள நான்கு வரிகளை வைத்தே அதைச் செய்து பார்ப்போம்.

```
6205-2RS C3
d = 25 mm    Δdmp = 0 / −10 µm
C = 14 kN
Shaft: k6
```

## படி 1: தொடக் கூடாததைத் தனியே வையுங்கள்

முதல் வரி பொருளின் பெயர். ஆர்டரில் அது எழுத்துக்கு எழுத்து அப்படியே போக வேண்டும். விளக்கத்தைப் பக்கத்தில் எழுதுங்கள். 2RS என்றால் இரண்டு பக்கமும் ரப்பர் சீல் உண்டு. C3 என்பதை ‘மூன்றாம் தரம்’ என்று எழுதிவிடாதீர்கள், அது தரத்தைச் சொல்வதே இல்லை. உள்ளே குண்டுகளுக்கும் வளையங்களுக்கும் இடையிலான இடைவெளி வழக்கத்தைவிடக் கூடுதல் என்று பொருள். இந்த அளவு பேரிங்கில் வழக்கமான இடைவெளி 5 முதல் 20 மைக்ரான், C3 என்றால் 13 முதல் 28 மைக்ரான்.

கடைசி வரியில் உள்ள k6 சின்ன எழுத்திலேயே இருக்க வேண்டும். சின்ன எழுத்து ஷாஃப்டைக் குறிக்கும், பெரிய எழுத்து துளையைக் குறிக்கும். கணினி தானாக K6 என்று மாற்றிவிட்டால் அளவே வேறு. பாமினி போன்ற பழைய எழுத்துருவில் தட்டினால் k என்பது ‘ம’ ஆகிவிடும். அதனால் யூனிகோடில் மட்டும் வேலை செய்யுங்கள்.

## படி 2: அலகை மாற்றாதீர்கள்

மி.மீ., மைக்ரான் ஆகியவற்றின் குறியீடுகளை mm, µm என்றே விடுங்கள். µ விழுந்து வெறும் m மட்டும் நின்றால் மைக்ரான் மீட்டராகிவிடும். ஜெர்மன் தாளில் 0,010 என்று காற்புள்ளி இருந்தால் அது தசமப் புள்ளி. நம் தாளில் 0.010 என்று எழுத வேண்டும்.

## படி 3: டாலரன்ஸை இரண்டு எல்லைகளாக விரித்து எழுதுங்கள்

அதிகம் தவறுவது இங்கேதான். 0 / −10 என்பதை அவசரத்தில் ±10 என்று எழுதிவிடுகிறார்கள். என் பரிந்துரை, மூலக் குறிப்பை அப்படியே விட்டு, அடுத்த கட்டத்தில் இப்படி எழுதுவது:

உள்விட்டம் (சராசரி): குறைந்தது 24.990 mm, அதிகபட்சம் 25.000 mm.

கழித்துப் பார்க்கும் வேலை படிப்பவருக்கு வரக் கூடாது. ஷாஃப்டுக்கும் அப்படியே: 25 மி.மீ. ஷாஃப்டில் k6 என்றால் 25.002 முதல் 25.015 வரை. பேரிங் துளை எப்போதும் ஷாஃப்டைவிடச் சிறியது, ஆகவே 2 முதல் 25 மைக்ரான் வரை இறுக்கமாக உட்காரும்.

±10 என்று எழுதிய தாளை வைத்து ஆய்வு செய்தால் 25.010 துளையும் தேறிவிடும். அதை 25.002 ஷாஃப்டில் போட்டால் 8 மைக்ரான் தளர்வு. ஓடும்போது உள்வளையம் ஷாஃப்டின் மேல் மெல்ல நழுவிச் சுற்றும். கழற்றிப் பார்த்தால் அந்த இடம் தேய்ந்து பளபளக்கும், சில சமயம் செம்பழுப்புத் தூளும் இருக்கும். பேரிங்கோடு ஷாஃப்டும் வீண். பழி சப்ளையர் மேல் விழும், தவறோ தமிழ்த் தாளில் இருக்கும்.

## படி 4: C என்ற எண்ணுக்கு ஒரு வரி விளக்கம் சேருங்கள்

C = 14 kN என்பதைத் ‘தாங்கும் எடை’ என்று எழுதினால், கொள்முதல் பிரிவு அதை ஏறத்தாழ 1.4 டன் என்று கணக்குப் போட்டு, அந்தச் சுமையில் ஆண்டுக்கணக்கில் ஓடும் என்று நம்பும். உண்மையில் அந்தச் சுமையில், ஒரே மாதிரியான பேரிங்குகளில் 90 விழுக்காடு 10 லட்சம் சுற்றுகளைத் தாண்டும் என்பதே அதன் பொருள். நிமிடத்துக்கு 1,440 சுற்று ஓடும் மோட்டாரில் 10 லட்சம் சுற்று பன்னிரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆகவே ‘ஆயுள் கணக்குக்கான சுமை எண்’ என்று எழுதுங்கள். இரண்டு பிராண்டுகளை ஒப்பிட அது உதவும், தினசரிச் சுமையின் வரம்பு அல்ல என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

## படி 5: அடிக்குறிப்பை விடாதீர்கள்

அளவுகள் 20 °C வெப்பநிலைக்கானவை என்ற குறிப்பைச் சின்ன எழுத்தில் இருக்கிறதே என்று தள்ளிவிடுவார்கள். கோடையில் ஷெட்டுக்குள் 35 டிகிரி இருந்தால், 25 மி.மீ. எஃகு ஏறத்தாழ 4 மைக்ரான் விரிந்திருக்கும். 10 மைக்ரான் டாலரன்ஸில் அது பாதிக்குச் சற்றுக் குறைவு. பேரிங்கையும் எஃகு மாஸ்டர் ரிங்கையும் ஒரே மேசையில் சில மணி நேரம் வைத்து, ரிங்கோடு ஒப்பிட்டு அளந்தால் இரண்டும் சேர்ந்தே விரிவதால் வித்தியாசம் பெரும்பாலும் கழிந்துவிடும். வண்டியிலிருந்து இறக்கிய சூட்டோடு அளந்து சரக்கைத் திருப்பி அனுப்பாமலிருக்க, இந்தக் குறிப்பை டாலரன்ஸ் வரிக்கு நேர் கீழே அதே எழுத்தளவில் போடுங்கள்.