பாயின்டர் மேல் பழி வேண்டாம்

சி மொழி கற்பவர்களை வெகுகாலமாகக் குழப்பிவரும் நான்கு வரிகள் இவை:

```c
char *p = "kovai";
char a[] = "kovai";
a[0] = 'K';
p[0] = 'K';
```

லினக்ஸில் இவற்றை ஒரு ஃபங்ஷனுக்குள் எழுதி ஓட்டினால், மூன்றாம் வரி சொன்னபடி நடக்கும். நான்காம் வரியில் பொதுவாக `Segmentation fault` என்ற செய்தியோடு புரோகிராம் நின்றுவிடும். இதற்குச் சொல்லப்படும் விளக்கங்களில் மூன்று பரவலானவை. மூன்றுமே திருத்தப்பட வேண்டியவை.

நம்பிக்கை: அரே என்றால் மாற்றலாம், பாயின்டர் என்றால் மாற்ற முடியாது.

உண்மை: பாயின்டருக்கு இதில் பங்கே இல்லை. `p = a;` என்று எழுதிவிட்டு `p[0] = 'K';` என்றால் எந்தச் சிக்கலும் வராது. பாயின்டர் அதேதான், அது காட்டும் இடம்தான் வேறு. முதல் வரியில் "kovai" என்பது கம்பைலர் தானே உருவாக்கி, புரோகிராம் முடியும்வரை வைத்திருக்கும் ஒரு அரே. `p` அதன் முகவரியை மட்டும் வாங்கிக்கொள்கிறது. இரண்டாம் வரியில் அதே மேற்கோள்குறிகள் இருந்தாலும் வேலை வேறு. `a` என்ற புதிய அரேயை எந்த எழுத்துகளால் நிரப்ப வேண்டும் என்பதை மட்டுமே அவை சொல்கின்றன. ஐந்து எழுத்துகளும் முடிவைக் குறிக்கும் பூஜ்யமும் சேர்ந்து 6 பைட்டுகள் நமக்கென்று ஒதுக்கப்படுகின்றன. 64 பிட் கணினியில் `sizeof a` 6 என்றும் `sizeof p` 8 என்றும் காட்டுவது இதனால்தான்: முன்னது எழுத்துகளின் அளவு, பின்னது முகவரியின் அளவு. `a` நம்முடைய நகல் என்பதால் அதில் என்ன எழுதினாலும் வேறு யாருக்கும் பாதிப்பில்லை.

நம்பிக்கை: லிட்டரல் ரீட்-ஒன்லி மெமரியில் இருக்கிறது, அதனால்தான் மாற்ற முடிவதில்லை.

உண்மை: இது காரணத்தையும் விளைவையும் இடம் மாற்றிச் சொல்வது. லிட்டரலை மாற்ற முயன்றால் என்ன நடக்கும் என்பதை சி தரநிலை வரையறுக்கவே இல்லை. அந்த உரிமையைப் பயன்படுத்தித்தான் லினக்ஸில் கம்பைலர் அதை `.rodata` என்ற பகுதியில் வைக்கிறது. இயங்குதளம் அந்தப் பகுதியில் எழுத விடுவதில்லை. பாதுகாப்பு இல்லாத சூழலில் அதே தவறு சத்தமில்லாமல் நடந்துவிடும். டாஸ் காலத்து டர்போ சி-யில் நான்காம் வரி தடையின்றி ஓடும். "அங்கே ஓடியதே, பிறகென்ன தவறு?" என்று கேட்கலாம். ஒரே லிட்டரலைப் பத்து இடங்களில் எழுதியிருந்தாலும் மெமரியில் ஒரே பிரதியாக வைத்துக்கொள்ளக் கம்பைலருக்கு அனுமதி உண்டு. அப்படி வைத்திருந்தால், ஓரிடத்தில் 'k'-ஐ 'K' ஆக்கும்போது மற்ற ஒன்பது இடங்களிலும் அது மாறிவிடும். எங்கே மாறியது என்று தேடினால் கண்ணில் படாது. அதோடு ஒப்பிட்டால் புரோகிராம் உடனே விழுந்துவிடுவது நல்லதே.

நம்பிக்கை: கம்பைலர் எதுவும் சொல்லவில்லை; ஆகவே எழுதியது சரி.

உண்மை: இந்த எதிர்வாதத்தில் நியாயம் இருக்கிறது. சி-யில் "kovai" என்பதன் டைப் `char[6]`. அதில் `const` கிடையாது. மாற்றக் கூடாது என்றால் டைப்பிலேயே சொல்லியிருக்கலாமே? `const` இல்லாத காலத்திலேயே ஏராளமான சி கோடு எழுதப்பட்டுவிட்டது. லிட்டரலை `char *`-க்குத் தரும் பழக்கமும் வேரூன்றிவிட்டது. 1989-இல் வந்த தரநிலை அந்தக் கோடு முழுவதையும் பிழையாக்க விரும்பாமல், டைப்பை விட்டுவிட்டு மாற்றுவதை மட்டும் விலக்கியது. சி++ மொழியில் லிட்டரலின் டைப்பிலேயே `const` உண்டு. அங்கே முதல் வரியே 2011 தரநிலைப்படி செல்லாது. சி-யின் இந்த மௌனத்தால் தவறு மறைமுகமாகவும் நுழையும். `strtok` பார்வைக்கு வெறும் பிரிக்கும் ஃபங்ஷன்தான். ஆனால் கமா கண்ட இடத்தில் பூஜ்யத்தை எழுதித்தான் அது பிரிக்கிறது. `char *s = "a,b";` என்று எழுதி `s`-ஐ அதற்குக் கொடுத்தால், நாம் எதையும் மாற்றாமலேயே புரோகிராம் விழும்.

அதற்காக எல்லா இடத்திலும் அரேயையே எழுதுவதும் சரியல்ல. ஃபங்ஷனுக்குள் சாதாரணமாக அறிவித்த அரே, அந்த ஃபங்ஷன் முடிந்ததும் இல்லாமல் போகும். அதன் முகவரியைத் திருப்பி அனுப்புவது இன்னொரு பிழை. லிட்டரலுக்கு அந்த ஆபத்து இல்லை. எனவே படிக்க மட்டும் வேண்டுமென்றால் `const char *p` என்று எழுதுங்கள். நான்காம் வரியைக் கம்பைலரே மறுத்துவிடும். மாற்ற வேண்டுமென்றால் அரேயில் நகல் எடுங்கள். ஜிசிசி-யில் `-Wall` இதற்குப் போதாது; `-Wwrite-strings` என்பதையும் சேர்த்தால் முதல் வரியிலேயே எச்சரிக்கை வந்துவிடும்.