சொந்தக் கணக்குக்கு அனுப்பிய காசு செலவல்ல: எந்த வழியைத் தெரிவது?

கண்டியில் மாலை வகுப்புக்கு வரும் கணினி மாணவர்கள் அண்மைக்காலமாக ஒரே செயற்றிட்டத்தைத்தான் விரும்புகிறார்கள். கைத்தொலைபேசிக்கு வரும் வங்கிக் குறுந்தகவல்களைப் படித்து, வீட்டின் மாதச் செலவைக் கூட்டிக் காட்டும் நிரல் அது. தொகைகளைப் பிரித்தெடுப்பதில் எவரும் தடுமாறுவதில்லை. ஒருவர் தன் ஒரு கணக்கிலிருந்து தன் இன்னொரு கணக்குக்கு அனுப்பிய காசை எப்படி விலக்குவது என்ற இடத்தில்தான் தவறான வழியைத் தெரிகிறார்கள். சீனியர் அப்படித்தான் செய்தார் என்கிறார் ஒருவர். வங்கியில் வேலை பார்க்கும் அப்பா சொன்னார் என்கிறார் இன்னொருவர். அவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

வழிகள் நான்கு. ஒவ்வொரு வரியையும் கையால் குறிப்பது ஒன்று. குறிப்பில் உள்ள சொல்லைப் பார்த்து நீக்குவது இரண்டாவது. சொந்தக் கணக்கு இலக்கங்களின் பட்டியலை வைத்து ஒப்பிடுவது மூன்றாவது. ஒரு கணக்கில் போனதையும் இன்னொன்றில் வந்ததையும் சோடி சேர்ப்பது நான்காவது. இவற்றில் இரண்டாவதைத்தான் எல்லோரும் நாடுகிறார்கள். எனக்குப் பெரிய குறையாகப் படுவதும் அதுதான்.

ஒரு கணக்கை எடுத்துப் பார்ப்போம். கட்டுகஸ்தோட்டையில் வாடகைக்கு இருக்கும் ஓர் ஆசிரியர் என்று வைத்துக்கொள்ளுங்கள். சம்பளம் மக்கள் வங்கிக்கு வருகிறது. கொமர்ஷல் வங்கியில் இன்னொரு கணக்கும் ஒரு கடனட்டையும் இருக்கின்றன. 2ஆம் திகதி மக்கள் வங்கியிலிருந்து கொமர்ஷலுக்கு 40,000 ரூபாய் அனுப்புகிறார். அனுப்பும் கட்டணம் 25 ரூபாயும் சேர்ந்து 40,025 கழிகிறது. 5ஆம் திகதி கொமர்ஷலிலிருந்து வீட்டுக்காரரின் கணக்குக்கு வாடகை 28,000 போகிறது. கட்டணத்தோடு அது 28,025. அந்த மாதம் கடனட்டையில் 11,500 ரூபாய்க்குச் சாமான் வாங்குகிறார். மாத இறுதியில் கொமர்ஷல் கணக்கிலிருந்து அதே 11,500ஐ அட்டைக்குக் கட்டுகிறார்.

‘கழிந்தது’ என்று வந்த எல்லாவற்றையும் கூட்டினால் 91,050. உண்மையான செலவு வாடகை 28,025, சாமான் 11,500, முதல் பரிமாற்றத்தின் கட்டணம் 25. மொத்தம் 39,550 ரூபாய்தான். எதையும் விலக்காவிட்டால் செலவு இரு மடங்குக்கும் மேலாகத் தெரியும்.

இனி, சொல்லைப் பார்த்து நீக்குகிறவர் என்ன செய்கிறார்? லங்காபேயின் உடனடிப் பரிமாற்றச் சேவையான CEFTS 2015 முதல் நாட்டில் நடைமுறையில் உள்ளது. குறிப்பில் CEFTS என்றோ TRANSFER என்றோ இருந்தால் நீக்கிவிடு என்று அவர் நிரலுக்குச் சொல்லிவிடுகிறார். அப்போது 40,025 போய்விடும். அது சரி. வீட்டு வாடகையும் அதே வழியாகப் போனதால் 28,025ம் அதோடு போய்விடும். மறுபுறம், அட்டைக்குக் கட்டிய 11,500இன் குறிப்பில் PAYMENT என்று மட்டும் இருந்தால் அது தங்கிவிடும். சாமான் வாங்கிய 11,500ம் தங்கும். திரையில் தெரிவது 23,000. வாடகை மறைந்து, அட்டைச் செலவு இரு முறை எண்ணப்பட்டிருக்கிறது. இரண்டு பிழைகள் எதிரெதிர்த் திசையில் இருப்பதால், மொத்தம் பார்வைக்கு நம்பும்படியாக இருக்கிறது. ஆபத்து அங்கேதான்.

காரணம் எளியது. குறிப்பில் உள்ள சொல், காசு எந்த வழியால் போனது என்பதைச் சொல்லும். யாருக்குப் போனது என்பதைச் சொல்லாது. பேராதனை மாணவன் போர்டிங் காசு அனுப்புவதும், அம்மா நாவலப்பிட்டிக்குச் சீட்டுக் காசு அனுப்புவதும், ஒருவர் தன் சேமிப்புக்கு அனுப்புவதும் ஒரே சொல்லோடுதான் வரும். பட்டியலில் சொற்களைக் கூட்டிக்கொண்டே போனாலும் இந்தக் குறை தீராது. வங்கிக்கு வங்கி குறிப்பின் நடையும் வேறு. ஒரு வங்கி அதை மாற்றினாலே நிரல் பிசகிவிடும். சொல் ஒரு தடயமாக உதவலாம். தீர்ப்பாக வைக்கக் கூடாது.

சொந்தக் கணக்குப் பட்டியல் இதைவிட மிக நம்பகமானது. குறுந்தகவலில் இலக்கத்தின் கடைசி நான்கு எண்களே தெரிந்தாலும், ஒருவரின் நான்கைந்து கணக்குகளைப் பிரித்தறியப் பெரும்பாலும் அது போதும். கடனட்டையையும் ஈசி கேஷ் போன்ற கைத்தொலைபேசிப் பணப்பையையும் அதே பட்டியலில் கணக்காகச் சேர்க்க வேண்டும். மறந்தால் பணப்பையை நிரப்பியதும் செலவு, பணப்பையிலிருந்து கடைக்குக் கொடுத்ததும் செலவு என்று இரட்டிக்கும். இந்த வழியின் எல்லை, மறுமுனையின் இலக்கம் எல்லாத் தகவலிலும் வராது என்பதுதான்.

அங்கே சோடி சேர்த்தல் கைகொடுக்கும். நான் ஒரு வங்கிக் கிளையில் வருடக்கணக்காக இணக்கக் கூற்று எழுதியவன்; ஆகவே இந்த வழியின் மீது எனக்குப் பற்று அதிகம். ஒரு கணக்கில் கழிந்த தொகைக்கு இன்னொரு சொந்தக் கணக்கில் வரவு இருக்கிறதா என்று பார்க்கிறோம். தொகை அச்சொட்டாக ஒத்திருக்க வேண்டும் என்று கேட்டால் 40,025ம் 40,000ம் சேராது. ஆகவே கட்டண அளவுக்கு வித்தியாசத்தை அனுமதித்து, அந்த 25 ரூபாயைச் செலவில் தனியாக வைக்க வேண்டும். திகதிக்கும் இடைவெளி தேவை. CEFTS உடனே சேரும். ஆனால் தொகுதியாக அனுப்பும் SLIPS வங்கி விடுமுறை நாளில் நகராது. சித்திரைப் புத்தாண்டுக்கு முதல் நாள் மாலை கொடுத்த கட்டளை விடுமுறை கழிந்தே போய்ச் சேரும்.

சோடி சேர்ப்பதிலும் பொறி உண்டு. கடைக்கு 5,000 கட்டிய நாளிலேயே தங்கை கடனைத் திருப்பி 5,000ஐ மற்றக் கணக்கில் போட்டால், நிரல் இரண்டையும் சோடியாக்கி உண்மையான செலவை விழுங்கிவிடும். ஆகவே முதலில் பட்டியல், மிச்சத்துக்குச் சோடி, ஒன்றுக்கு மேற்பட்ட பொருத்தம் வந்தால் மனிதரிடம் கேள்வி. இந்த ஒழுங்கையே நான் பரிந்துரைக்கிறேன். கையால் குறிப்பதற்கு உரிய இடமும் அந்தச் சந்தேக வரிகள்தான்.

ஏடிஎம்மில் எடுத்த காசுக்கு ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். கைக்காசுச் செலவையும் தனியே எழுதுகிறவருக்கு அது சட்டைப்பைக்குப் போன பரிமாற்றம். எழுதாதவருக்கு அதுவே செலவு. இரண்டையும் கலந்தால் மீண்டும் இரட்டிப்புத்தான்.

விலக்கியது சரிதானா என்று எப்படி அறிவது? பரிமாற்றம் என்று குறித்த வரிகளை மட்டும் எல்லாக் கணக்குகளிலும் சேர்த்துக் கூட்டுங்கள். வரவைக் கூட்டலாகவும் பற்றைக் கழித்தலாகவும் எடுத்து, கட்டணத்தை நீக்கினால், பூச்சியம் வர வேண்டும். ஆசிரியரின் கணக்கில் சொல்லைப் பார்த்து நீக்கியவருக்கு, வீட்டுக்காரருக்குப் போன 28,000 எதிர் வரவில்லாமல் நிற்கும். பூச்சியம் வராவிட்டால் ஒன்று தவறாக நீக்கப்பட்டிருக்கிறது, அல்லது ஒரு குறுந்தகவல் வரவில்லை, அல்லது மாத இறுதியில் அனுப்பிய காசு இன்னும் வழியில் இருக்கிறது. பழைய காசேட்டில் எதிர்ப் பதிவைச் சரிபார்த்ததும் இதே முறையில்தான்.

இந்த வேலைக்கு வேகமான கையைவிட, ஒரு வரியைப் பார்த்து ‘இந்தக் காசு இப்போது யாருடையது?’ என்று கேட்கும் பொறுமையே வேண்டும். நிரல் எழுதத் தெரிந்த எல்லோரிடமும் அது இருப்பதில்லை. இல்லாதவர் வேறு செயற்றிட்டம் எடுப்பது நல்லது. எடுத்தவர்களிடம் ஒரு வேண்டுகோள்: முதல் வரி நிரல் எழுதுமுன், உங்கள் வீட்டின் ஒரு மாத வங்கிக் கூற்றுகளை அச்சிட்டு, ஒவ்வொரு சோடியையும் பேனையால் இணையுங்கள். பெற்றோருக்கும் ஒரு வார்த்தை: பிள்ளைக்குக் குறுக்கு வழி சொல்வதைவிட, உங்கள் கணக்குகளின் முழுப் பட்டியலைக் கொடுங்கள். நிரலுக்குத் தேவை அதுதான்.