ஆதாரின் கடைசி இலக்கம்: நிறையிட்ட கூடுதல் வழியாக ஒரு கணக்குப் பாடம்

கல்வியாண்டின் தொடக்கத்தில் ஆறாம் வகுப்பில் புதிதாகச் சேர்ந்த மாணவர்களின் ஆதார் எண்களைக் கணினியில் பதிவு செய்துகொண்டிருந்தேன். ஒரு மாணவியின் எண்ணை மட்டும் படிவம் ஏற்கவில்லை. அட்டையோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, அடுத்தடுத்த இரண்டு இலக்கங்களை நான் இடம் மாற்றித் தட்டியிருந்தது தெரிந்தது. அருகில் நின்ற மாணவி கேட்டாள்: "என் அட்டையைப் பார்க்காமலே கம்ப்யூட்டருக்கு எப்படி சார் தெரிஞ்சுது?" கம்பத்தில் எட்டாம் வகுப்புக்கு நான் நடத்திய இரண்டு பாடவேளைகள் இந்தக் கேள்வியிலிருந்து பிறந்தவை.

ஆதார் எண்ணில் 12 இலக்கங்கள் உள்ளன. முதல் 11 இலக்கங்களைக் கணக்கிட்டுப் பெறப்படுவதே 12ஆவது இலக்கம். அதைச் சரிபார்ப்பு இலக்கம் என்கிறோம். நாம் தட்டும்போது கணினி அதே கணக்கைச் செய்து, கடைசி இலக்கம் பொருந்துகிறதா என்று பார்க்கிறது.

மாணவர்களின் ஆதார் எண்ணைக் கரும்பலகையில் எழுதுவது முறையன்று. எனவே இந்தப் பாடத்துக்குப் பொருள்களின் பட்டைக்குறியீட்டைப் பயன்படுத்தினேன். பிஸ்கட் உறை, சோப்பு உறை, போடி ஏலக்காய்ப் பாக்கெட் என்று மாணவர்கள் கொண்டுவந்தவற்றில் 13 இலக்க எண் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொண்டோம். பெரும்பாலானவை 890 என்று தொடங்கின. இந்தியாவில் பதிவு செய்த நிறுவனங்களின் எண்களுக்கான முன்னொட்டு அது.

வெறும் கூடுதல் ஏன் போதாது?

"இலக்கங்களைக் கூட்டிப் பார்த்தால் போதாதா?" என்று ஒரு மாணவன் கேட்டான். ஓர் இலக்கத்தைத் தவறாக எழுதினால் கூடுதல் மாறும். ஆனால் 64ஐ 46 என்று எழுதினால் கூடுதல் 10 ஆகவே இருக்கும். இடம் மாறியதைக் கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வோர் இடத்துக்கும் வேறு மதிப்புத் தர வேண்டும். அந்த மதிப்பே நிறை. பட்டைக்குறியீட்டில் இடமிருந்து வலமாக 1, 3, 1, 3 என நிறைகள் மாறி மாறி வருகின்றன.

எடுத்துக்காட்டுக்காக நாமே அமைத்துக்கொண்ட எண்: 890271643581. இதற்குச் சரிபார்ப்பு இலக்கம் காண்போம்.

ஒற்றை இடங்களின் கூடுதல்: 8 + 0 + 7 + 6 + 3 + 8 = 32
இரட்டை இடங்களின் கூடுதல்: 9 + 2 + 1 + 4 + 5 + 1 = 22
நிறையிட்ட கூடுதல்: 32 + (22 × 3) = 98

98ஐ அடுத்த பத்தின் மடங்கான 100 ஆக்க 2 தேவை. எனவே முழு எண் 8902716435812. பொருளை ஸ்கேன் செய்யும்போது மொத்தக் கூடுதல் 10ஆல் மீதியின்றி வகுபட்டால் எண் ஏற்கப்படும். 12 இலக்கங்களின் கூடுதலே பத்தின் மடங்காக இருந்தால் சரிபார்ப்பு இலக்கம் 0. இந்த இடத்தில் சில மாணவர்கள் 10 என்று எழுதிவிடுகிறார்கள்.

நிறை 3 ஏன்?

குழுக்களிடம் இந்தக் கேள்வியைக் கொடுத்துக் காத்திருக்கலாம். ஓர் இலக்கம் தவறினால் அதன் வித்தியாசம் 1 முதல் 9 வரை ஏதோ ஒன்று. அதை 3ஆல் பெருக்கினால் 3, 6, 9, 12, 15, 18, 21, 24, 27 கிடைக்கும். இவற்றில் எதுவும் பத்தின் மடங்கு அல்ல. அதனால் ஓர் இலக்கப் பிழை எதுவும் தப்பாது. நிறை 2 என்று வைத்தால், வித்தியாசம் 5 ஆகும்போது 2 × 5 = 10 ஆகிப் பிழை தப்பிவிடும். நிறை 5 என்றால் வித்தியாசம் 2, 4, 6, 8 எல்லாமே தப்பும். 10உடன் பொதுக்காரணி இல்லாத 1, 3, 7, 9 ஆகியவை மட்டுமே நிறைகளாகத் தகுதி பெறும் என்பதை மாணவர்களே கண்டுபிடித்தனர்.

தப்பும் பிழை

அடுத்து, நம் எண்ணில் 7, 8ஆம் இடங்களில் உள்ள 6, 4ஐ இடம் மாற்றச் சொன்னேன். முன்பு 6 + 12 = 18, இப்போது 4 + 18 = 22. மொத்தம் 104 ஆகிறது, பிழை பிடிபட்டது. பிறகு 4, 5ஆம் இடங்களில் உள்ள 2, 7ஐ மாற்றச் சொன்னேன். முன்பு 6 + 7 = 13, இப்போது 21 + 2 = 23. மொத்தம் 110. பத்தின் மடங்கே! தவறான எண் சரியென்று ஏற்கப்பட்டுவிட்டது. வகுப்பு சற்று நேரம் அமைதியானது.

காரணம் எளிது. இடம் மாற்றும்போது கூடுதலில் ஏற்படும் மாற்றம், நிறைகளின் வித்தியாசம் × இலக்கங்களின் வித்தியாசம். இங்கே அது 2 × 5 = 10. ஆகவே 0–5, 1–6, 2–7, 3–8, 4–9 ஆகிய சோடிகள் இடம் மாறினால் இந்த முறைக்குத் தெரியாது. வேறு நிறைகளைத் தேர்ந்தாலும் பயனில்லை. தகுதியுள்ள 1, 3, 7, 9 எல்லாம் ஒற்றை எண்கள். இரண்டு ஒற்றை எண்களின் வித்தியாசம் எப்போதும் இரட்டை எண். அதனால் 10ஆல் வகுக்கும் நிறையிட்ட கூடுதல் எதுவும் இரு வகைப் பிழைகளையும் முழுமையாகப் பிடிக்க முடியாது.

வெளியே செல்ல இரண்டு வழிகள்

முதல் வழி, 10க்குப் பதில் பகா எண்ணான 11ஆல் வகுப்பது. சிங்கப்பூர் அடையாள அட்டை எண் இப்படிப்பட்டது. S1234567D என்ற மாதிரி எண்ணில் ஏழு இலக்கங்களுக்கும் நிறைகள் 2, 7, 6, 5, 4, 3, 2. கூடுதல் 2 + 14 + 18 + 20 + 20 + 18 + 14 = 106. அதை 11ஆல் வகுத்தால் மீதி 7. மீதி 0 முதல் 10 வரை முறையே J, Z, I, H, G, F, E, D, C, B, A என்ற எழுத்துகள் அமைகின்றன. 7க்கு உரியது D. எண்ணில் 2, 3ஐ இடம் மாற்றினால் கூடுதல் 107, மீதி 8, எழுத்து C. பிழை பிடிபடுகிறது. 11ஆல் வகுத்தால் 11 மீதிகள் வரும். பத்து இலக்கங்கள் போதாது என்பதால்தான் எழுத்து. பத்தாம் வகுப்பில் மட்டு எண்கணிதம் நடத்தும்போது இதையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம்.

இரண்டாவது வழி ஆதாருடையது. அது நிறையிட்ட கூடுதலையே விட்டுவிட்டு, நெதர்லாந்துக் கணிதவியலாளர் வெர்ஹூஃப் 1969இல் வெளியிட்ட முறையைப் பின்பற்றுகிறது. ஓர் ஒழுங்கு ஐங்கோணத்தை அதன் இடத்திலேயே பொருத்தும் ஐந்து சுழற்சிகளும் ஐந்து புரட்டல்களும் சேர்ந்து பத்து; அவை பத்து இலக்கங்களுக்கும் ஈடாக நிற்கின்றன. அட்டையில் வெட்டிய ஐங்கோணத்தின் முனைகளுக்கு எண்ணிட்டு, சுழற்றிப் புரட்டினால் ஒரு நிலை. புரட்டிச் சுழற்றினால் வேறொரு நிலை. வரிசை மாறினால் விடை மாறும் இந்தப் பண்பினால், எழுத்தின் உதவியின்றியே ஓர் இலக்கப் பிழையும் அடுத்தடுத்த இட மாற்றமும் எல்லாமே பிடிபடுகின்றன.

பாடத்தின் முடிவில் அந்த ஆறாம் வகுப்பு மாணவியின் எண்ணைப் பற்றி ஒன்றை விளக்கினேன். அவள் எண்ணுக்குப் பதிலாக அவள் தம்பியின் எண்ணைத் தட்டியிருந்தால் படிவம் தயங்காமல் ஏற்றிருக்கும். மனம்போன போக்கில் தட்டும் பத்து எண்களில் ஏறத்தாழ ஒன்று இந்தச் சோதனையில் தேறிவிடும். எண் சரியாக அமைந்திருக்கிறதா என்பதை மட்டுமே கடைசி இலக்கம் சொல்லும். அது யாருடைய எண் என்பதை அட்டையில் உள்ள பெயரைப் படித்து நாம்தான் உறுதிசெய்ய வேண்டும்.