ஒரு மில்லிமீட்டர் கூடினால் வளர்ச்சியா?

கேள்வி: என் கணவருக்குப் போன வருடம் தில்லைநகரில் எடுத்த சி.டி. ஸ்கேனில் நுரையீரலில் 6 மி.மீ. கட்டி என்றார்கள். இப்போது புத்தூரில் எடுத்ததில் 7 மி.மீ. வளர்ந்துவிட்டதா?
- ஒரு வாசகி, ஸ்ரீரங்கம்

பதில்: ரிப்போர்ட்டில் உள்ள எண்களை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது. ஒரே படத்தை இருவர் அளந்தாலே ஒரு மில்லிமீட்டர் முன்பின் வரும். அதனால் சராசரி விட்டம் 2 மி.மீ.யாவது கூடினால்தான் வளர்ச்சி என்று எடுத்துக்கொள்வார்கள். இன்னொன்று, ஸ்கேன் நெஞ்சைத் துண்டு துண்டாகப் படமெடுக்கிறது. பழையது 5 மி.மீ. தடிமனிலும் புதியது 1 மி.மீ. தடிமனிலும் இருந்தால் ஒப்பிடுவதே சரிவராது. தடித்த துண்டில் சின்னக் கட்டியின் ஓரம் மங்கிவிடும்.

பழைய ஸ்கேனின் சிடியைக் கேட்டு வாங்குங்கள், ஃபிலிம் போதாது. புத்தூர் ரேடியாலஜிஸ்டிடம் கொடுத்து, இரண்டையும் அருகருகே வைத்து அவரையே அளக்கச் சொல்லுங்கள். கொரோனா சமயத்தில் நெஞ்சு ஸ்கேன் எடுத்திருந்தால் அதையும் தேடுங்கள். மெதுவாக வளர்வது மிகப் பழைய படத்தோடு ஒப்பிட்டால்தான் தெரியும். 2021-லேயே இதே அளவில் கெட்டியான கட்டியாக இருந்திருந்தால் பெரிய ஆறுதல். ஆனால் ஓரம் முள்முள்ளாக மாறியிருந்தாலோ, மங்கலாக இருந்தது கெட்டியாகியிருந்தாலோ, அளவு கூடாவிட்டாலும் நுரையீரல் மருத்துவரை உடனே பாருங்கள்.