ஒரு நாளில் சரியான காதுவலி: சிரப்பா காரணம்?

கேள்வி: என் மகனுக்கு ஒரு வயது எட்டு மாதம், எடை 11 கிலோ. போன மாதம் சளி பிடித்திருந்தபோது திடீரென்று ஒரு நாள் ராத்திரி வலது காதைப் பிடித்துக்கொண்டு அழுதான். காய்ச்சல் 101 டிகிரி. மறுநாள் காலை டாக்டர் காதுக்குள் பார்த்துவிட்டு, "ஒரு காதில் மட்டும் இன்ஃபெக்‌ஷன். ஆன்டிபயாடிக் இப்போது வேண்டாம், வலிக்கு மட்டும் கொடுங்கள், இரண்டு நாள் கழித்துக் காட்டுங்கள்" என்றார். அன்று சாயங்காலமும் அவன் சிணுங்கியதால் மனசு கேட்காமல் மெடிக்கல் ஷாப்பில் சொல்லி ஆன்டிபயாடிக் சிரப் வாங்கிக் கொடுத்தோம். மறுநாளே விளையாட ஆரம்பித்துவிட்டான். மூன்று நாளில் நிறுத்திவிட்டேன். "மருந்து கொடுத்ததால்தானே சரியாச்சு, டாக்டர் சும்மா அனுப்பிட்டாரே" என்கிறார் மாமியார். பாதி பாட்டில் ஃபிரிட்ஜில் இருக்கிறது. அடுத்த முறை வந்தால் உடனே கொடுத்துவிடலாமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திண்டுக்கல்

பதில்: முதலில் அந்தப் பாதி பாட்டிலைத் தூக்கிப் போட்டுவிடுங்கள், அம்மா. பவுடரில் தண்ணீர் கலந்த ஆன்டிபயாடிக் சிரப்பின் ஆயுள் லேபிளில் போட்டிருக்கும் நாள்கள்தான், பெரும்பாலும் ஏழு. ஃபிரிட்ஜில் வைத்தாலும் ஒரு மாதம் தாங்காது.

உங்கள் மாமியார் சொல்வது எல்லா வீட்டிலும் கேட்கிற வாதம்தான். ஆனால் காதுவலியில் அது ஏமாற்றிவிடும். நடுக்காது தொற்று வந்த குழந்தைகளில் பாதிக்கு மேற்பட்டோருக்கு, ஆன்டிபயாடிக் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், 24 மணி நேரத்தில் வலி அடங்கிவிடுகிறது. முதல் நாள் வலியை ஆன்டிபயாடிக் குறைப்பதே இல்லை. அதன் பலன் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் தெரிய ஆரம்பிக்கும், அதுவும் கொஞ்சமாக. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில், சுமார் 20 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒரு குழந்தைக்கு அந்த நாள்களின் வலி மிச்சமாகிறது. 14 குழந்தைகளுக்குக் கொடுத்தால் ஒன்றுக்கு மருந்தாலேயே வயிற்றுப்போக்கோ வாந்தியோ தடிப்போ வருகிறது. உங்கள் பையன் மறுநாள் விளையாடியதற்கு சிரப் காரணமாக இருந்திருக்க வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் அவன் தானே தேறும் நேரத்தில் நீங்கள் சிரப் கொடுத்திருக்கிறீர்கள்.

இது ஏன் தானே ஆறுகிறது? மூக்கின் பின்புறத்தையும் நடுக்காதையும் இணைக்கும் குழாய், சின்னக் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிட்டத்தட்டப் படுக்கை வாட்டமாகவும் இருக்கும். சளி பிடித்தால் அது வீங்கி அடைத்துக்கொள்ளும். உள்ளே நீர் தேங்கி, கிருமி பெருகி, செவிப்பறையை வெளிப்பக்கமாகத் தள்ளும். அந்த அழுத்தம்தான் வலி. சளி வடிந்து குழாய் திறந்தால் அழுத்தம் இறங்கிவிடும், மிச்சமிருக்கும் கிருமியை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

அப்படியானால் எல்லாருக்கும் பொறுத்துப் பார்க்கலாமா என்றால், இல்லை. உங்கள் டாக்டர் நான்கு விஷயங்களைப் பார்த்துத்தான் அப்படிச் சொல்லியிருப்பார்: குழந்தையின் வயது, ஒரு காதா இரு காதா, எவ்வளவு கடுமை, காதில் சீழ் வடிகிறதா. அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இவற்றை வைத்துத்தான் பிரிக்கிறது. ஆறு மாதத்துக்குக் கீழே என்றால் பொறுக்கவே கூடாது. ஆறு மாதத்திலிருந்து இரண்டு வயதுக்குள் ஒரு காது மட்டும் பாதித்து, வலி லேசாக இருந்து, காய்ச்சல் 102.2 டிகிரிக்குக் கீழே இருந்தால் பொறுக்கலாம். உங்கள் மகன் சரியாக இந்தக் கட்டத்தில் இருந்தான். அதே வயதில் இரண்டு காதும் பாதித்திருந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துவிட வேண்டும். இரண்டு வயது தாண்டியவர்களுக்கு, கடுமை இல்லாவிட்டால், இரு காதும் பாதித்திருந்தாலும் பொறுக்கலாம். எந்த வயதானாலும் காய்ச்சல் 102.2-ஐத் தொட்டாலோ, வலி கடுமையாக இருந்தாலோ, இரண்டு நாளைத் தாண்டியும் நீடித்தாலோ, சீழ் வடிந்தாலோ ஆன்டிபயாடிக் தேவை. அண்ணப்பிளவு, எதிர்ப்புச் சக்திக் குறைபாடு உள்ள குழந்தைகளுக்கு இந்தக் காத்திருப்புக் கணக்கே பொருந்தாது.

இரண்டு வயதுக்குள் இத்தனை எச்சரிக்கை ஏன் என்றால், 2011-இல் அமெரிக்காவிலும் பின்லாந்திலும் வெளிவந்த இரண்டு ஆய்வுகள், செவிப்பறை நிச்சயமாகப் புடைத்திருந்த சின்னக் குழந்தைகளுக்கு ஆன்டிபயாடிக் ஓரளவு உதவுகிறது என்று காட்டின. கூடவே வயிற்றுப்போக்கும் அதிகமானது. 'புடைத்திருந்த' என்பதைக் கவனியுங்கள். அழுகிற குழந்தையின் செவிப்பறை எப்படியும் சிவந்திருக்கும். காய்ச்சலிலும் சிவக்கும். சிவப்பை மட்டும் பார்த்து எழுதப்படும் ஆன்டிபயாடிக் நம் ஊரில் ஏராளம். "காது சிவந்திருக்கு" என்று டாக்டர் சொன்னால், "புடைச்சிருக்கா டாக்டர்?" என்று தாராளமாகக் கேளுங்கள்.

பொறுப்பது என்றால் குழந்தையை அழவிட்டுக் காத்திருப்பது இல்லை. வலி மருந்தை ஒழுங்காகக் கொடுத்திருந்தால் அந்தச் சாயங்காலம் நீங்கள் மெடிக்கல் ஷாப்புக்குப் போயிருக்க மாட்டீர்கள் என்றே நினைக்கிறேன். 11 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு சுமார் 150 மில்லிகிராம் பாராசிட்டமால் வேண்டும். 5 மில்லியில் 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. 5 மில்லியில் 125 என்றால் 6 மில்லி. கைக்குழந்தைகளுக்கான சொட்டு மருந்தில் ஒரு மில்லியிலேயே 100 மில்லிகிராம் இருக்கும், அது ஒன்றரை மில்லி போதும். லேபிளைப் படிக்காமல் ஒன்றின் அளவில் மற்றொன்றைக் கொடுப்பதுதான் வீடுகளில் நடக்கும் பெரிய ஆபத்து. முதல் நாள் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை, 24 மணி நேரத்தில் நான்குக்கு மேல் இல்லாமல் கொடுங்கள். காதில் எண்ணெய் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் அது உள்ளே போய்விடும். சளி சிரப்பும் இதற்கு உதவாது.

48 முதல் 72 மணி நேரத்துக்குள் தெளிவு தெரியாவிட்டால் டாக்டரிடம் திரும்பப் போக வேண்டும். இந்தத் திரும்பப் போவதுதான் காத்திருப்பின் நிபந்தனை. ஆஸ்பத்திரி தூரம், ஊருக்குப் போகிறோம் என்றால் முதல் நாளே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். நானாக இருந்தால் அப்படிப்பட்டவர்களுக்கு அன்றே எழுதிக் கொடுத்துவிடுவேன். காதுக்குப் பின்னால் வீங்கி மடல் முன்தள்ளி நின்றாலோ, முகம் ஒரு பக்கம் கோணினாலோ, கழுத்து விறைத்தாலோ, குழந்தை துவண்டு தூங்கிக்கொண்டே இருந்தாலோ, இரண்டு நாள் என்ற கணக்கே கிடையாது. அந்த நிமிடமே கிளம்ப வேண்டும்.

உண்மையிலேயே ஆன்டிபயாடிக் தேவைப்பட்டால், முதல் தேர்வு சாதாரண அமாக்ஸிசிலின்தான். ஆனால் காதுக்குக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 80 முதல் 90 மில்லிகிராம் வேண்டும். உங்கள் மகனுக்கு என்றால் ஒரு வேளைக்கு சுமார் 450 மில்லிகிராம், தினம் இரண்டு வேளை, இரண்டு வயதுக்குள் என்பதால் 10 நாள். கடையில் பொதுவாகச் சொல்லும் "ஒரு ஸ்பூன், மூணு வேளை", 5 மில்லியில் 125 உள்ள பாட்டிலில், நாளைக்கு 375 மில்லிகிராம்தான் ஆகும். தேவையில் பாதிகூட இல்லை. அதையும் மூன்று நாளில் நிறுத்தினால் தொற்றுக்கு மருந்து கொடுத்ததாகவே கணக்கில்லை. ஒரு மாதத்துக்குள் அமாக்ஸிசிலின் குடித்த குழந்தைக்கு டாக்டர் வேறு மருந்து எழுத வேண்டியிருக்கும், எனவே கடையில் வாங்கிக் கொடுத்ததை அவரிடம் மறைக்காதீர்கள்.

வலி போன பிறகும் நடுக்காதில் நீர் சில வாரங்கள் தேங்கி நிற்கும். அதற்கு ஆன்டிபயாடிக் வேண்டாம். மூன்று மாதமாகியும் நீர் வற்றவில்லை என்று டாக்டர் சொன்னாலோ, கூப்பிட்டால் திரும்பவில்லை என்று உங்களுக்கே தோன்றினாலோ, காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் கேட்கும் திறன் பரிசோதனை செய்துவிடுங்கள்.