கண்காட்சி ஸ்டாலில் கைவினை சோப்பு விற்பது எப்படி?

ஸ்டாலுக்குச் சரக்கு சேர்க்கும் வேலை இரண்டு மாதம் முன்பே தொடங்கிவிடுகிறது. குளிர்முறையில் செய்த சோப்பு நான்கிலிருந்து ஆறு வாரம் காற்றில் காய வேண்டும். காயக் காய நீர் வற்றி எடை குறையும். ஆகவே லேபிளில் போடும் எடையைக் காய்ந்த பிறகே நிறுத்துப் பார்க்க வேண்டும். தயாரிப்புத் தேதி, பேட்ச் எண், மூலப்பொருள்கள், விலை இவையெல்லாம் லேபிளில் இருக்க வேண்டும். அழகுசாதன விதிகள் 2020-இன்படி, விற்பனைக்காகத் தயாரிப்பவருக்கு உரிமமும் தேவை. ‘பருவைக் குணமாக்கும்’ என்று எழுதினால் அழகுசாதனம் என்ற எல்லையைத் தாண்டி மருந்தென உரிமை கோருவதாகிவிடும்.

எத்தனை சோப்பு கொண்டுபோவது என்பதை வாடகையிலிருந்து கணக்கிடலாம். உதாரணமாக, இரண்டு நாள் ஸ்டால் வாடகை 3,000 ரூபாய், போக்குவரத்தும் சாப்பாடும் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஒரு சோப்பு 120 ரூபாய்க்கு விற்று, அடக்கம் 50 ரூபாய் என்றால் மிச்சம் 70. அறுபது சோப்பு விற்றால்தான் போட்ட செலவு திரும்பும். எனவே நூறாவது கையில் இருக்க வேண்டும். வாசனைகளை நான்கு ஐந்தோடு நிறுத்திக்கொள்வது நல்லது. பத்து வகை வைத்தால் வாங்க வந்தவர் முகர்ந்து பார்த்துக் குழம்பி, ‘அப்புறம் வர்றேன்’ என்று நகர்ந்துவிடுவார்.

மேசையில் படுக்கவைத்த சோப்பு நடந்து போகிறவர் கண்ணில் படாது. மரப்பெட்டிகளைப் படிப்படியாக அடுக்கி அவற்றின் மேல் வைக்கலாம். வகைக்கு ஒன்றை உறை பிரித்து, முகர்ந்து பார்க்க முன்னால் வைக்க வேண்டும். விலை எழுதியிருக்கட்டும், கேட்கக் கூச்சப்பட்டே பலர் போய்விடுவார்கள். தேங்காய் எண்ணெய் 24 டிகிரி வாக்கிலேயே உருகத் தொடங்குவதால், சோப்போடு விற்கக் கொண்டுபோகும், அது அதிகம் சேர்ந்த லிப் பாம் நம் ஊர் வெயிலில் இளகிவிடும். அதை நிழலில் வைத்து, சோதித்துப் பார்க்க ஐஸ்கிரீம் குச்சி கொடுப்பது சுத்தம்.

120 ரூபாய் விலைக்குப் பத்து, இருபது ரூபாய்ச் சில்லறை நிறைய வேண்டும். காலையில் பெட்டியில் 1,500 ரூபாய் வைத்து, அதைக் குறித்துக்கொள்ள வேண்டும். யூபிஐ பணம் வந்ததை வாங்குபவரின் திரையில் பார்த்து நம்பாமல், சொந்த போனிலோ ஒலிப்பெட்டியிலோ உறுதிசெய்ய வேண்டும். மாலையில் பெட்டியில் 3,060, யூபிஐயில் 2,880 இருந்தால், காலைப் பணம் போக அன்றைய விற்பனை 4,440. அது 37 சோப்பின் விலை. நூறில் மீதி 62 இருந்தால் போனது 38. ஒன்றுக்குப் பணம் வரவில்லை. சாம்பிளாகப் பிரித்ததை எழுத மறந்ததுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும்.

வாங்கியவர் சம்மதித்தால் அவர் பெயர், வாட்ஸ்அப் எண், வாங்கிய வகை, பேட்ச் எண் ஆகியவற்றை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ளலாம். ஒருவர் மட்டும் பயன்படுத்தினால் 100 கிராம் சோப்பு ஏறக்குறைய ஒரு மாதம் வரும். மூன்றாம் வார முடிவில் ஒரே ஒரு செய்தி அனுப்பினால் போதும். தினமும் வாழ்த்துப் படம் அனுப்புகிற எண்ணை யாரும் பிளாக் செய்துவிடுவார்கள். அரிப்பு என்று யாராவது சொன்னால், அதே பேட்ச் வாங்கிய மற்றவர்களையும் விசாரித்து, மீதமுள்ளதை விற்காமல் நிறுத்திவைக்க அந்த நோட்டுதான் உதவும்.