ஆய்வுச் சுருக்கத்தை எடைபோடும் முறை

ஆய்வுக் கட்டுரை ஒன்றின் சுருக்கத்தைப் படியெடுத்து அனுப்பி, 'இது உண்மையா?' என்று ஆசிரியரிடமும் களப் பணியாளரிடமும் கேட்போர் பலர். ஆம், இல்லை என்று உடனே விடை கூறுவதற்கு முன், கூற்று, சான்று, வரம்பு என்னும் மூன்றையும் பிரித்தறிதல் வேண்டும். புனேயில் நடைபெற்ற சோதிடச் சோதனையைக் கொண்டு இம்முறையை விளக்கலாம்.

வானியலறிஞர் ஜயந்த் நார்லிகர், புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குண்டே, நரேந்திர தபோல்கர், பிரகாஷ் காட்பாண்டே ஆகியோர் இச்சோதனையின் முடிவை 2009-இல் 'கரன்ட் சயன்ஸ்' இதழில் வெளியிட்டனர்.

முதலாவது, கூற்று. 'சோதிடம் பொய்யென நிறுவப்பட்டது' என்பது அனுப்புவோர் இடும் தலைப்பாகும். கட்டுரையின் கூற்று இதனினும் குறுகியது. ஒரு குழந்தை படிப்பில் சிறந்ததா, அறிவுவளர்ச்சி குன்றியதா என்பதை ஜாதகத்தை மட்டும் கொண்டு பிரித்துணரும் ஆற்றல் சோதனையில் புலப்படவில்லை என்பதே அது.

இரண்டாவது, சான்று. இருவகைக் குழந்தைகளுக்கும் வகைக்கு 100 ஆக 200 ஜாதகங்கள் திரட்டப்பட்டன. ஒவ்வொரு சோதிடருக்கும் அவற்றுள் 40 அனுப்பப்பட்டன. விடையளித்தோர் 27 பேர். நாணயத்தைச் சுண்டி விடை கூறினாலும் 40-க்குச் சராசரியாக 20 சரியாக அமையும். சோதிடர்களின் சராசரி அதனினும் குறைவாகவே இருந்தது. 200 ஜாதகங்களையும் ஆராய்ந்த ஒரு சோதிட நிறுவனம் 102-க்கு மட்டுமே சரியான விடை கூறிற்று.

ஒருவர் மட்டும் 24 விடைகளைச் சரியாகக் கூறினார். 'அவருக்கு 60 விழுக்காடு வெற்றி' என இதனைத் தனியே எடுத்துக் காட்டுதல் தவறாகும். நாணயம் சுண்டுபவர் ஒருவர் 24 அல்லது அதற்கு மேல் பெறுவதற்கு நூற்றில் ஏறத்தாழ 13 வாய்ப்புகள் உண்டு. ஆகவே 27 பேர் சுண்டினால் மூவரோ நால்வரோ அவ்வளவு பெறுதல் இயல்பே. ஒருவர் 28 பெற்றிருப்பின் நிலைமை வேறு. அத்தகைய வாய்ப்பு நூற்றில் ஒன்றுக்கும் குறைவு. அப்போதும் அவருக்குப் புதிய ஜாதகங்களை அளித்து மீண்டும் சோதித்தல் வேண்டும். பலருள் மிகச் சிறந்தவரைப் பின்னர்த் தேர்ந்தெடுப்பது தற்செயலையே தேர்ந்தெடுப்பதாக முடியலாம்.

மூன்றாவது, வரம்பு. சுருக்கத்தில் இது பெரும்பாலும் இடம்பெறாது. முழுக் கட்டுரையையும் படித்தல் வேண்டும். பங்கேற்க இசைந்த 51 பேருள் 27 பேரே விடை அனுப்பினர். ஏனையோரின் திறம் அறியப்படவில்லை. பிறந்த நேரம் தவறாகப் பதிவாகியிருப்பின் ஜாதகமும் மாறும். திருமணம், தொழில் போன்றவை பற்றிய பலன்கள் இங்குச் சோதிக்கப்படவில்லை.

எனவே கேட்டவருக்கு அளிக்கத்தக்க விடை இது: 'அறிவுத்திறனை ஜாதகத்தால் அறியலாம் என்பதற்கு இச்சோதனையில் ஆதரவு கிட்டவில்லை, கிடைத்த முடிவுகள் குருட்டு ஊகத்தினும் மேம்பட்டவையல்ல. பிற பலன்களைப் பற்றி இது ஒன்றும் கூறவில்லை.'